தேர்தல் நேரத்தில் சன்மார்க்க சேனல்: எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சன்மார்க்க சங்கத்தின் யூடியூப் சேனலை நான் பார்த்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை அன்னதானம் நேரலை, மாதப் பூசத்தன்று ஜோதி வழிபாடு, ஞாயிறு அகவல் பாராயணம், மாதம் ஒரு சொற்பொழிவு, அவ்வளவுதான் எங்கள் நிகழ்ச்சிகள். தேர்தல் தேதி வந்துவிட்டால் மற்ற சங்கத்து அன்பர்களும், ஏற்காட்டில் பஜனைக் குழு நடத்துகிறவர்களும், ஒன்றிரண்டு கோயில் சேனல்காரர்களும் போன் செய்வார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எங்க சேனல்ல மொத்தமே நாலாயிரம் பேர். எங்களையெல்லாம் யாருங்க பார்க்கப் போறாங்க?

வார்டு தேர்தலில் நாலாயிரம் பேர் பெரிய கூட்டம். உங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே தெருக்காரர்களாக இருந்தால், வேட்பாளருக்கு டிவி சேனலைவிட நீங்கள்தான் தேவை.

சட்டமும் அளவைப் பார்ப்பதில்லை. மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க 1988-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், சர்ச் மட்டுமில்லாமல், ஒரு சமயத்தையோ நெறியையோ பரப்பும் எந்த அமைப்பும் அதற்குள் வந்துவிடும். 'நாங்க மதம் இல்லைங்க, மார்க்கம்' என்று நம் அன்பர்கள் சொல்வது தத்துவத்தில் சரி, இந்தச் சட்டத்தின் முன் எடுபடாது. அமைப்பின் இடத்தையும் பணத்தையும் அது நடத்தும் விழாவையும் கூட்டத்தையும் அரசியல் வேலைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் பொறுப்பில் இருக்கிறவருக்கு ஐந்து வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 'அரசியல் வேலை' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளருக்காகச் செய்வதும் சேர்த்தி. வார்டு தேர்தல்தானே என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வருஷா வருஷம் ரெண்டாவது வியாழன் உபயம் பண்றவர் இப்ப வார்டுல நிக்கறார். பணம் வாங்கலாமா, வேண்டாமா?

எங்களுக்கே நடந்ததைச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஜனவரி 26 அறிவிப்பு வந்தது, பிப்ரவரி 4 மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். எங்கள் இரண்டாவது வியாழன் பிப்ரவரி 10. அன்றைக்கு இருநூறு இலைக்கு 25 கிலோ அரிசியும் பருப்பும் காய்கறியும் பதினோரு வருடமாக ஒரே அரிசி மண்டிக்காரர் கொடுத்து வந்தார். அந்த முறை அவரும் மனு போட்டுவிட்டார்.

நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து. 'அன்னத்துக்கு ஏது அரசியல், வாங்கிக்கலாம்' என்றார்கள் சிலர். 'இனி அவர் பணமே வேண்டாம்' என்றார்கள் சிலர். இரண்டும் தப்பு என்று எனக்குப் பட்டது. அவர் அரிசி எப்போதும் போன்ற அரிசிதான். சிக்கல், தேர்தல் முடிவதற்குள் அவர் பெயரைச் சொல்லி இலை போடுவதில் இருந்தது. வாக்காளர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மைக்கில் அவர் பெயர் வருகிறது, அது நேரலையில் போகிறது. இதை ஒரு பறக்கும் படை அதிகாரி பார்த்தால் என்ன எழுதுவார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 5-ஆம் தேதி நானும் செயலாளர் அய்யாவும் மண்டிக்கே போனோம். இதை போனில் சொல்லக் கூடாது. விஷயத்தைச் சொன்னதும் அவர் தராசுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "பதினோரு வருஷமா செய்யறேன். இப்ப நான் தீட்டா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செயலாளர்தான் சொன்னார்: "அய்யா, மார்ச்சுல ரெண்டு வியாழன் நீங்களே செய்யுங்க. இந்த மாசம் மட்டும் பொதுவுல எடுத்துக்கறோம்." மனசில்லாமல் சரி என்றார்.

அதன்பிறகு எடுத்த முடிவுதான் இன்றுவரை எங்களைக் காப்பாற்றுகிறது. அவர் பெயரை மட்டும் நிறுத்தினால் அவரை அவமானப்படுத்தினதாகும், எதிர்த்து நிற்கிறவருக்கு அது பிரசாரமாகிவிடும். அதனால் தேர்தல் அறிவிப்பு நாளிலிருந்து முடிவு வரும் நாள் வரைக்கும் எந்த உபயதாரர் பெயரையும் வாசிப்பதில்லை. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் எதற்கு யார் கொடுத்தாலும் 'இன்றைய அன்னதானம் அன்பர்கள் உபயம்' என்று ஒரே வரி. கரும்பலகையிலும் அதே வரிதான், திரையில் ஓடும் எழுத்திலும் அதேதான். ரசீதுப் புத்தகத்தில் மட்டும் கொடுத்தவர் பெயர் எப்போதும் போல இருக்கும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த வாரமே வேட்பாளரின் மைத்துனர் ரொக்கமாகக் கொண்டுவந்தார். ரசீதில் வேறு பெயர் போடச் சொன்னார். அப்போது மட்டும் நேரடியாக மறுத்தோம். வேட்பாளர், அவர் வீட்டார், முன்மொழிந்தவர், பூத் ஏஜென்ட் ஆகியோரிடம் அந்தக் காலத்தில் நாள் குறித்த உபயம் எடுப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். தீர்மானத்தில் ஆள் பெயர் இல்லாமல் பொதுவாக எழுதுங்கள், அடுத்த தேர்தலுக்கும் ஆகும்.

வேட்பாளர் பந்தியில வந்து உட்கார்ந்துட்டா எழுப்பி விட முடியுமா?

எழுப்பக் கூடாது. பசி என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு நமக்கு இடமே இல்லை. 1867-ல் வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே சாப்பிட வருகிறவரிடம் யார் என்று கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

வழக்கமாக நடக்கும் சமய அன்னதானத்துக்கு வேட்பாளர் சாதாரண ஆளாக வந்து போனால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறாது என்று சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்குத் தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. ஆனால் சாப்பாட்டுச் செலவை அவர் ஏற்றிருக்கக் கூடாது, அங்கே பிரசாரம் நடக்கக் கூடாது. வரிசையில் நிற்கட்டும், உட்காரட்டும், சாப்பிடட்டும். கரண்டியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். பரிமாறுகிற படம்தான் அவர்களுக்கு வேண்டியது.

கேமராவையும் மாற்றினோம். முன்பெல்லாம் பந்தி முழுக்க முகம் முகமாகப் போகும். இப்போது ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, இலையும் பரிமாறும் கையும் மட்டும் வரும்படி வைத்திருக்கிறோம். தேர்தல் முடிந்தும் அப்படியே விட்டுவிட்டோம். சாப்பிடுகிறவர் முகத்தைக் காட்டாமலிருப்பது எப்போதுமே மரியாதைதானே.

லைவ்ல வாய் தவறிச் சொல்லிட்டாங்க. வீடியோவை டெலீட் பண்ணிடட்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே பிப்ரவரி 10 அன்று அந்த மண்டிக்காரர் கரைவேட்டியோடு பந்திக்கு வந்தார். வர்ணனை செய்துகொண்டிருந்த தம்பி ஆர்வத்தில், "நம்ம வார்டுல நிக்கிற அய்யாவும் வந்திருக்காங்க, அவங்களுக்கு நம்ம ஆசி" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். மறுநாள் காலை அந்தப் பதினாலு விநாடியும் வெட்டப்பட்டு, 'சங்கம் யார் பக்கம் பாருங்க' என்ற தலைப்போடு வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. நாங்கள் பார்த்தபோது மணி ஏழரை.

டெலீட் செய்தால் சுற்றுகிற துண்டு மட்டும்தான் மிஞ்சும். முன்னே பின்னே என்ன இருந்தது என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. விசாரணை வந்தால் மறைத்த மாதிரியும் ஆகிவிடும். நாங்கள் செய்த வரிசை இது: முதலில் முழு வீடியோவையும் இறக்கிப் பென்டிரைவில் வைத்தோம். பிறகு வீடியோவை `Private` ஆக்கினோம். அதன்பின் யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே அந்தப் பதினாலு விநாடியை வெட்டினோம். வெட்டு முடிந்து புதுப் பதிப்பு ஏறும் வரை பார்க்கிறவர்களுக்குப் பழையதே ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் `Private` முதலில். எடிட்டரில் வெட்டினால் இணைப்பு முகவரி மாறாது. ஏற்கனவே பகிர்ந்தவர்கள் எல்லோரும் திருத்தியதைப் பார்ப்பார்கள். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் இந்த வசதி போய்விடும்.

திரும்ப வெளியிடும்போது விளக்கப் பகுதியின் முதல் வரியில் இப்படி எழுதினோம்: 'நேரலையில் ஒரு வேட்பாளரைப் பற்றி எங்கள் வர்ணனையாளர் சொன்ன வார்த்தை சங்கத்தின் கருத்து அல்ல. அந்தப் பகுதி நீக்கப்பட்டுள்ளது. சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவில்லை.' யார் அந்த வேட்பாளர் என்று போடவில்லை. இதே மூன்று வாக்கியத்தைச் சங்க லெட்டர்பேடில் அச்சடித்து, அந்த வார்டில் நின்ற எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரே ஆள் கொண்டுபோய்க் கொடுத்தார், மண்டிக்காரருக்கும் சேர்த்து. எதிரணிக்காரருக்கு மட்டும் கொடுத்திருந்தால் அது வேறு கதையாகியிருக்கும்.

தம்பியை மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மாற்றவில்லை. தேர்தல் முடியும் வரை வர்ணனையே இல்லாமல் பின்னணியில் மகாமந்திரம் மட்டும் போட்டோம். அவனுக்கும் அது நிம்மதி.

சாதி கூடாதுன்னு பேசினா ஒரு கட்சியைச் சொல்ற மாதிரி இருக்குங்கறாங்க. தேர்தல் முடியற வரைக்கும் அந்தத் தலைப்பை ஒத்திப் போடலாமா?

அதிகமாகக் குழப்பம் வருகிற கேள்வி இதுதான். பணத்தைத் தள்ளிப்போடலாம், பெயரை நிறுத்தலாம். போதனையைத் தள்ளிப்போட்டால் நாம் எதற்கு இருக்கிறோம்?

சாதி சமயப் பேதம் இல்லை, கொல்லாமை, பசி நீக்குவது: இந்த மூன்றும் இல்லாமல் சன்மார்க்கம் இல்லை. மூன்றுமே தேர்தல் மேடையில் யாராவது ஒருவருக்கு உதவும், ஒருவருக்கு உறுத்தும். சாதியைப் பேசினால் சாதிச் சங்கத்துக்காரருக்குப் பிடிக்காது. கொல்லாமையைப் பேசினால், உணவை வைத்து அரசியல் செய்கிறவர்கள் அந்தத் துண்டை எடுத்துக்கொள்வார்கள். பசியைப் பேசினால் ரேஷன் கடை, இலவசம் என்று போய்விடும். ஒருவருக்கு உறுத்துகிறது என்று ஒரு தலைப்பை எடுத்தால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது: வருடத் தொடக்கத்தில், தைப்பூசத்துக்குள், அந்த ஆண்டின் பன்னிரண்டு சொற்பொழிவுத் தலைப்பையும் குறித்து அச்சடித்துவிடுகிறோம். தேர்தல் எப்போது வந்தாலும் தலைப்பும் தேதியும் மாறாது. யாராவது கேட்டால் அந்தத் தாளைக் காட்டுவோம். ஒரு வருடம் சாதியைப் பற்றிய சொற்பொழிவு வேட்புமனு வாரத்தில் வந்து விழுந்தது. சாதி அமைப்பில் பொறுப்பில் இருக்கும் பெரியவர் ஒருவர் போன் செய்து, "தப்பா சொல்லலை, தேர்தல் முடியட்டுமே" என்றார். தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். சொற்பொழிவு நடந்தது.

பேசுகிறவருக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு எல்லை சொல்லிவிடுவோம். வள்ளலார் சொன்னதையும் அவர் காலத்தில் நடந்ததையும் இன்று நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியதையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். கட்சி, தலைவர், சின்னம், அரசுத் திட்டத்தின் பெயர், 'ஓட்டு' என்ற சொல் ஆகியவை மட்டும் வேண்டாம். 'உன் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம்' என்று கேட்பது போதனை. 'இதை நினைத்துப் பார்த்துப் பட்டனை அழுத்துங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் முன்னே பேசிய ஒரு மணி நேரமும் பிரசாரமாகிவிடும்.

சட்டத்தில் இதற்கு ஒரு கோடு இருக்கிறது. மதம், சாதி, மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-ன்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதத்தைச் சொல்வது மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் சேரும் என்று 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஓட்டுக் கேட்பதைத்தான் அது தடுக்கிறது. சாதி பொய் என்று போதிப்பதை அது தொடவில்லை.

லைவ் சாட்ல சின்னம் போட்டு நிரப்பறாங்க. சின்னத்து பேரையெல்லாம் பிளாக் பண்ணிட்டோம், இப்ப பக்தர்கள் எழுதறதும் காணாமப் போகுது. ஏன்?

தமிழ்நாட்டுச் சின்னங்களை நினைத்துப் பாருங்கள்: சூரியன், இலை, தாமரை, கை, மாம்பழம். இதில் எதைத் தடுத்துவிட்டு ஒரு பக்திச் சேனல் நடத்துவீர்கள்? எங்கள் சேனலில் 'ரெண்டு இலை சேர்த்துப் போடுங்க, ஆளுங்க நிக்கறாங்க' என்று ஒரு அம்மா எழுதியது காணாமல் போனது. சேலத்தில் மாம்பழ சீசனில் மாம்பழத்தைத் தடுத்தால் நைவேத்தியத்தைப் பற்றிக்கூட எழுத முடியாது.

`Blocked words` பட்டியலில் ஒரு சொல்லைப் போட்டால், சாதாரண வீடியோவின் கீழே எழுதுவது உங்கள் பார்வைக்கு நிறுத்திவைக்கப்படும். நேரலை சாட்டிலோ அது போகவே போகாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் ஒற்றைச் சொற்களை எடுத்துவிடுங்கள். கட்சிப் பெயரின் சுருக்கம், வேட்பாளர் பெயர், 'வாக்களிப்பீர்', 'வெற்றி நிச்சயம்' போன்றவை போதும். மீதியை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். நேரலை ஒன்றே கால் மணி நேரம்தான். எங்கள் சங்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்தே பார்த்து நீக்குகிறாள். யாரும் நிரப்ப முடியாதபடி சாட்டை `Slow mode`-ல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பிரசாரம் முடிஞ்ச கடைசி 48 மணி நேரத்துல லைவ் போடலாமா? போடாம விட்டா பாதுகாப்பு இல்லையா?

போடலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அந்த நேரத்தில் தடுப்பது தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தில் காட்டும் விஷயத்தை. வழிபாட்டை அது தடுக்கவில்லை. 2024-ல் சேலத்துக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளி. பிரசாரம் 17-ஆம் தேதி மாலை 6 மணிக்கு ஓய்ந்தது. அன்றுதான் ராமநவமி. மறுநாள் எங்கள் வியாழக்கிழமை. 2021-ல் ஈஸ்டர் ஞாயிறு இரவு 7 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. நம் ஊரில் பண்டிகையும் தேர்தலும் பங்குனி சித்திரையில் ஒன்றாகவே வரும், நிறுத்திக்கொண்டே இருக்க முடியாது.

பழைய வீடியோக்களைத்தான் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றியவர் இன்று வேட்பாளராக இருப்பார். அந்த வீடியோவை யாராவது அந்த இரண்டு நாளில் தோண்டிப் பரப்புவார்கள். எங்களிடம் அப்படி மூன்று இருந்தன. அறிவிப்பு வந்த அன்றே `Private` செய்தோம், முடிவு வந்த மறுநாள் திறந்தோம்.

ஏற்காட்டுல ஓட்டு போட்டு முடிஞ்சாச்சு. இனி திருவிழாவுக்கு யாரை வேணா மேடைல ஏத்தலாம்ல?

பொறுங்கள். தேர்தல் நடத்தை விதி வாக்குப்பதிவோடு முடிவதில்லை, தேர்தல் நடைமுறை முழுதும் முடியும் வரை இருக்கும். 2024-ல் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டோம், எண்ணியது ஜூன் 4. மே மாதம் சேர்வராயன் மலை உச்சியில் திருவிழா, கோடை விழாக் கூட்டம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வரும். மலைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: ஏற்காடு சேலம் மாவட்டம் என்றாலும் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதி. கீழே சேலத்தில் நிற்கிறவர் மேலே உங்களுக்கு வேட்பாளரே இல்லை. ஆனால் உங்கள் சேனலை மலையிலும் கீழேயும் பார்க்கிறார்கள், அதனால் இரண்டு தொகுதி வேட்பாளர் பட்டியலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு போடுங்கன்னு பொதுவா சொல்லலாமா?

தேதியும் நேரமும் சொல்லி 'வாக்களியுங்கள்' என்று போடலாம். 'நல்லவருக்கு', 'தர்மத்துக்கு', 'மாற்றத்துக்கு' என்று எதையும் முன்னால் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் ஏதோ ஒரு கட்சி சொந்தம் கொண்டாடுகிறது.

நாங்க எதுவும் போடலை. ஆனா எங்க வீடியோவுக்கு முன்னாடி கட்சி விளம்பரம் ஓடுது!

அது யூடியூப் தானாகப் போடுவது. விளம்பர வருமானம் வாங்குகிற சேனலாக இருந்தால், ஆட்சென்ஸ் கணக்கில் `Blocking controls` பகுதியில் அரசியல் வகையை நிறுத்திப் பாருங்கள். முழுதாக நிற்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நாங்கள் பூசத்தன்று நேரலைக்கு மட்டும் விளம்பரத்தையே அணைத்துவிடுகிறோம்.

எங்க சங்கத் தலைவரே கட்சிக்காரர்ங்க. நாங்க என்ன பண்றது?

கட்சியில் இருப்பது அவர் உரிமை, அதைக் கேட்க நமக்கு இடமில்லை. சேனலின் பாஸ்வேர்டு யார் கையில் என்று மட்டும் பாருங்கள். எங்கள் தலைவரும் ஒரு கட்சியின் உறுப்பினர்தான். தேர்தல் அறிவிப்பு வந்த அன்று அவரே, "என் பேரை சேனல் அனுமதியிலேர்ந்து எடுத்துடுப்பா, முடிஞ்சதும் சேர்த்துக்கோ" என்று சொன்னார். எடுத்துவிட்டு அவர் எதிரிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டினேன். உங்கள் தலைவர் தானாகச் சொல்லாவிட்டால், குழுவில் இருக்கிற வேறு கட்சிக்காரர் ஒருவரையும் சேர்த்து இருவரையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாக ஒருவரிடம் கேட்டால் கோபம் வரும். இருவரிடம் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.